முதல் நிரல்

மார்ச் 4, இரவு

முகாமைத்துவப் பாடத்தின் பழைய வினாத்தாள் ஒன்றுக்கு எழுதிய விடையை மேல்மாடி அக்கா திருத்தித் தந்தார். ‘அதிகாரக் கையளிப்பையும் அதிகாரப் பன்முகப்படுத்தலையும் வேறுபடுத்துக’, 8 புள்ளி. எனக்குக் கிடைத்தது 3. நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் நோட்ஸில் இருந்த வரைவிலக்கணங்களை நிரப்பியிருந்தேன். அக்கா ஒரு நிரையைப் பென்சிலால் சுற்றினார்.

“இடப்பக்கம் யார் கொடுக்கிறார் எண்டு எழுதியிருக்கிறாய். வலப்பக்கம் பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும் எண்டு இருக்கு. எதை எதோட ஒப்பிடுறது?”

சரிதான். ஒரே நிரையில் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5

வேலை முடிந்து வெள்ளவத்தை வந்ததும் திரும்ப எழுதினேன். இந்த முறை மூன்று நிரல்கள். ‘அடிப்படை’ என்ற முதல் நிரலை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் மற்ற இரண்டையும் தொட்டேன்.

| அடிப்படை | கையளிப்பு | பன்முகப்படுத்தல் |
|---|---|---|
| யாருக்கிடையில் | மேலாளர், அவரின் கீழ் வேலை செய்பவர் | உயர் முகாமை, கிளைகள் அல்லது பிரிவுகள் |
| பொறுப்புக்கூறல் | கொடுத்தவரை விட்டுப் போகாது | கிளைத் தலைவர் தன் முடிவுகளுக்குப் பதில் சொல்வார் |
| மீளப் பெறல் | மேலாளரே உடனே எடுக்கலாம் | நிறுவனக் கொள்கையே மாற வேண்டும் |

கடைசி நிரையில்தான் அதிக நேரம் போனது. முதலில் ‘மீளப் பெறலாம்’, ‘மீளப் பெற முடியாது’ என்று எழுதினேன். அது பிழை. பன்முகப்படுத்திய அதிகாரத்தையும் தலைமையகம் திருப்பி எடுக்கலாம், ஆனால் ஒரு மேலாளர் நினைத்தவுடன் நடக்காது. ஒரு பக்கத்துக்கு ‘இல்லை’ சேர்த்து மறுபக்கத்தை நிரப்பினால் இப்படித்தான் உண்மை கெடும்.

அட்டவணைக்குக் கீழே ஓர் உதாரணம் எழுதினேன். புடவைக்கடை மேலாளர் லீவு அனுமதிக்கும் வேலையை உதவியாளருக்குக் கொடுத்தால் அது கையளிப்பு. கொள்வனவு முடிவைப் புறக்கோட்டைத் தலைமையகம் கிளைகளிடமே நிரந்தரமாக விட்டால் அது பன்முகப்படுத்தல். அக்கா 7 போட்டார்.

மார்ச் 8

உற்சாகத்தில் சிறுகுறிப்பையும் அட்டவணையாக்கிவிட்டேன். ‘கட்டுப்பாட்டு வீச்சு’, 5 புள்ளி. “ஒப்பிட ஒண்டுதானே இருக்கு, இதுக்கு ஏன் கோடு?” என்றார் அக்கா.

3 மணித்தியாலம், 100 புள்ளி என்றால் இதற்கு 9 நிமிடம். அதில் ஒரு பந்திதான் எழுதலாம். ஒரு மேலாளர் நேரடியாக எத்தனை பேரைத் திறம்பட மேற்பார்வை செய்யலாம் என்பது வரைவிலக்கணம். அப்புறம் காரணம்: ஆட்கள் ஒவ்வொருவராகக் கூட, மேலாளருக்கும் அவர்களுக்கும் இடையிலும் அவர்களுக்குள்ளும் உள்ள உறவுகள் பல மடங்காகக் கூடுகின்றன. முகாமை ஆலோசகர் கிரைகுனாஸ் 1933இல் இதற்குத் தந்த சூத்திரம், இதில் n என்பது கீழ் வேலை செய்பவர்களின் எண்ணிக்கை:

```
n(2^n/2 + n - 1)
```

5 பேருக்கு 100 உறவுகள், 6 பேருக்கு 222. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, எல்லையையும் எழுத வேண்டும்: இவை ஏற்படக்கூடிய உறவுகள் மட்டுமே. எல்லாரும் ஒரே மாதிரி வேலை செய்யும் இடத்தில் ஒரு மேலாளர் இதைவிட அதிகம் பேரைப் பார்க்கலாம்.

நாளைக்கு ‘கட்டளை ஒருமைப்பாடு, நெறிப்படுத்தல் ஒருமைப்பாடு’. முதல் நிரலை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.