மேல்மாடி போன் வேலை செய்தது, கீழ்மாடி போன் செய்யவில்லை

சனிக்கிழமை இரவு பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினோம். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் யாரும் புகார் சொல்லவில்லை. செவ்வாய் காலை மின்வேலைக்காகக் கீழ்மாடி நெட்வொர்க் ஸ்விட்சை அணைத்துப் போட்டார்கள், அதோடு அந்த மாடியில் இருந்த 14 ஐபி போன்களும் முகவரி கிடைக்காமல் நின்றுவிட்டன.

போன்களெல்லாம் விலான் 30இல், 192.168.30.0/24. முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் விலான் 10இல், 192.168.10.5. மேல்மாடியிலும் இதே விலான் 30தான், அங்கே ஒரு போனுக்கும் சிக்கல் இல்லை. அதனால் எல்லோருக்கும் ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம், எனக்கும்தான். போர்ட், ட்ரங்க், எதில் எந்த விலான் போகிறது என்று ஒன்றரை மணி நேரம் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது.

அப்புறம் லேப்டாப்பை விலான் 30 போர்ட் ஒன்றில் செருகினேன். அதுவும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டது, அதாவது டிஹெச்சிபி கேட்டும் பதில் வரவில்லை. கையால் 192.168.30.200 என்று போட்டு, கேட்வே 192.168.30.1 கொடுத்தேன், கேட்வேயும் சர்வரும் இரண்டுமே பிங்குக்குப் பதில் தந்தன. அந்த இடத்திலேயே ஸ்விட்சை விட்டிருக்க வேண்டும். விலானும் ட்ரங்கும் ரவுட்டிங்கும் ஒழுங்காக இருக்கின்றன, முகவரி கேட்கும் அந்த முதல் செய்தி மட்டும் எங்கோ நின்றுபோகிறது.

சர்வரில் இதை ஓடவிட்டேன்:

```
tcpdump -ni eth0 port 67 or port 68
```

லேப்டாப்பில் திரும்பத் திரும்ப முகவரி கேட்டுப் பார்த்தேன், சர்வர் பக்கம் அந்த முதல் செய்தியான டிஸ்கவர் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் நடுவில் 192.168.30.41 என்ற மேல்மாடி போனிடமிருந்து ஒரு ரிக்வெஸ்ட் வந்தது, சர்வரும் உடனே அதற்கு ஏசிகே அனுப்பியது. இதைப் பார்த்ததும் முதலில் குழம்பினேன், விலான் 30இலிருந்து டிஹெச்சிபி வருகிறதே, அப்புறம் என் லேப்டாப்புக்கு மட்டும் என்ன?

அந்த வரியை இன்னொரு முறை படித்தபோதுதான் விளங்கியது. அந்த ரிக்வெஸ்ட் 192.168.30.41இலிருந்து நேராக 192.168.10.5க்கு வந்திருந்தது. ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் கருவி, அந்த முகவரி செல்லும் லீஸ் காலத்தில் பாதி கழிந்ததும், தனக்கு முகவரி தந்த சர்வரிடமே நேரடியாகப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். அது சாதாரண யூனிகாஸ்ட் பாக்கெட், ரவுட்டர் வழக்கம்போல் கடத்திவிடும். முகவரியே இல்லாத கருவிக்கு அப்படி முடியாது. அது 0.0.0.0 என்ற இடத்திலிருந்து 255.255.255.255க்கு பிராட்காஸ்ட் செய்கிறது, ரவுட்டர் பிராட்காஸ்டை அடுத்த விலானுக்கு விடாது. அதை வாங்கி, யூனிகாஸ்டாக மாற்றி, சர்வருக்கு அனுப்புகிற வேலை ரவுட்டரில் இருக்கும் டிஹெச்சிபி ரிலேயுடையது.

அப்படியென்றால் மேல்மாடி போன்கள் நன்றாக இருக்கின்றன என்பதே பொய், ரீஸ்டார்ட் ஆகாததால் மட்டும் தப்பித்திருக்கின்றன. மேல்மாடியைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியரிடம் போய், "ஒரே ஒரு போனை அணைத்துப் போடுங்கள்" என்றேன். "ஓடுறதை எதுக்குங்க தொடணும்?" என்று தயங்கினார். காரணத்தைச் சொன்னதும் யாரும் உட்காராத மேசையில் இருந்த போனின் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். அந்தப் போனும் முகவரி கேட்டபடியே நின்றது.

புதிய ரவுட்டரின் கான்ஃபிகைப் பார்த்தேன். விலான் 30க்கான சப் இன்டர்ஃபேஸில் ஐபி முகவரி இருந்தது, ரிலே வரி இல்லை. நாங்கள் நெட்வொர்க் படத்தைப் பார்த்துத்தான் புதிதாக எழுதினோம். படத்தில் விலான் எண்ணும் முகவரியும் மட்டுமே இருக்கும், ரிலேயை யாரும் வரைவதில்லை.

```
interface GigabitEthernet0/0.30
 ip helper-address 192.168.10.5
```

இது கருவிகள் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் வர வேண்டும், ஏனென்றால் பிராட்காஸ்ட் வந்து சேர்வது அங்கேதான். சர்வர் பக்கம் போட்டால் விலான் 30க்கு ஒரு பயனும் இல்லை. போட்ட சில நொடிகளில் சர்வரில் டிஸ்கவர் வந்தது, இப்போது 192.168.30.1இலிருந்து. ரிலே தன் முகவரியை `giaddr` என்ற புலத்தில் எழுதி அனுப்புகிறது. எந்த ஸ்கோப்பிலிருந்து முகவரி எடுப்பது என்று சர்வர் முடிவு செய்வதும், பதிலைத் திருப்பி அனுப்புவதும் அதை வைத்துத்தான். சர்வரில் 192.168.30.0க்கான ஸ்கோப் முன்பே இருந்ததால் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

14 போன்களும் ஒவ்வொன்றாக முகவரி வாங்கிக்கொண்டு எழுந்தன. இப்போதெல்லாம் ரவுட்டர் மாற்றும் முன் பழையதில் `show running-config | include helper` கொடுத்து வரும் வரிகளை எழுதி வைத்துக்கொள்கிறேன். மாற்றிய அன்றிரவே, ஒவ்வொரு விலானிலும் லீஸ் எதுவும் இல்லாத ஒரு கருவியைச் செருகி, முகவரி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.