குமிழிக்கு இடம் விடாத கட்டங்கள்: நான்கு கட்டச் சித்திரக்கதை ஒன்றை முடித்த அனுபவம்

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் படங்களை உருவாக்கி, பேச்சுக் குமிழிகளைப் பின்னர் நானே சேர்த்து, ஒரு நான்கு கட்டச் சித்திரக்கதையை ஒருவழியாக முடித்துவிட்டேன். கதை எளியது. மழையில் நனைந்து வரும் சிறுவன் பாட்டியிடம் தன் குடையைக் கேட்கிறான். குடையோ வாசலில் பூனைக்குட்டிகளுக்குக் கூரையாக விரிந்திருக்கிறது. முதல், மூன்றாம், நான்காம் கட்டங்கள் அதிகத் தொல்லை தரவில்லை. உயிரை வாங்கியது இரண்டாம் கட்டம்தான்.

அந்தக் கட்டத்தில் சிறுவன், "பாட்டி, என் குடையைப் பார்த்தீங்களா?" என்று கேட்க வேண்டும், பாட்டி, "அது வேலையா இருக்குப்பா" என்று பதில் சொல்ல வேண்டும். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால், முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருந்தாக வேண்டும். கருவியோ பாட்டியை இடப்பக்கம் உட்கார வைத்தது. அதோடு இருவர் தலையும் சட்டத்தின் மேல்விளிம்பை முட்டுமளவுக்கு நெருங்கி வரைந்தது. குமிழியை வைத்தால் யாராவது ஒருவர் முகம் மறையும். பேச்சு வரிசைப்படி வைத்தாலோ இரண்டு குமிழிகளின் வால்களும் குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

"படத்தை இடம்வலமாகத் திருப்பிவிடு, சரியாகிவிடும்" என்று ஒரு நண்பர் சொன்னார். திருப்பிப் பார்த்தேன். சிறுவனின் சட்டைப்பை இடமார்பிலிருந்து வலமார்புக்குப் போயிற்று, தலைவகிடு மாறிற்று, முதல் கட்டத்தில் அவன் நுழைந்த கதவும் எதிர்ச்சுவருக்கு இடம்பெயர்ந்தது. தனிப்படமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்த கட்டங்களில் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

"மேலே காலி இடம் விடவும்" என்று எழுதிப் பார்த்ததிலும் பயனில்லை. "பேச்சுக் குமிழி வேண்டாம்" என்று எழுதியபோது, சொன்னதற்கு மாறாக, எந்த மொழியிலும் சேராத எழுத்துகளோடு குமிழிகளே முளைத்தன. பல கருவிகள் மறுப்பைக் கவனிக்காமல் அதிலுள்ள பொருளைப் பிடித்துக்கொள்கின்றன. 'காமிக்ஸ்' என்ற சொல்லே கூடச் சில சமயம் குமிழிகளை வரவழைத்துவிடுகிறது. ஆகவே வேண்டாததைச் சொல்வதை விட்டு, அந்த இடத்தில் இருக்க வேண்டிய பொருளைச் சொல்லத் தொடங்கினேன். இறுதியில் பலன் தந்த வரி இது:

```
wide shot, boy standing on the left,
old woman seated on the right,
plain pale wall fills the top third,
flat colour ink drawing
```

காலி இடம் என்றால் புரியாத கருவிக்கு வெற்றுச் சுவர் புரிந்தது. வெளிக்காட்சி என்றால் வானத்தைக் கேட்கலாம். சதுரக் கட்டம்தான் வேண்டும் என்றாலும் படத்தை உயரவாக்கில், அதாவது 1024×1536 போன்ற அளவில் உருவாக்கி, பின்னர் வெட்டிக்கொள்வது நல்லது. எங்கே வெட்டுவது என்ற முடிவு நம் கையில் இருக்கும்.

இடம்வலம் சொல்லியும் கருவி கேட்காத நேரங்கள் உண்டு. அப்போது முதலில் பேசுபவரின் குமிழியை வலப்பக்கத்தில் நன்றாக உயரத்திலும், பதில் குமிழியை இடப்பக்கத்தில் தெளிவாகத் தாழ்த்தியும் வைத்தால், கண் உயரத்தில் உள்ளதை முதலில் படிக்கும், வால்களும் வெட்டிக்கொள்ளாது. இரண்டுக்கும் உயர வேறுபாடு கொஞ்சமாக இருந்தால் இந்த உத்தி பலிக்காது. அதற்கும் தலைக்கு மேல் இடம் வேண்டும் என்பதால், உரையாடலை முழுமையாக எழுதி, கட்டத்துக்குக் கட்டம் யார் முதலில் பேசுகிறார், குமிழி எவ்வளவு பெரிது என்று தாளில் கோட்டுப்படமாகப் போட்டுக்கொள்ளாமல் படம் உருவாக்கத் தொடங்கவே கூடாது.

எழுத்து வேலையிலும் ஒரு நாள் வீணாயிற்று. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஓவியச் செயலி 'பார்த்தீங்களா' என்பதை ஒழுங்காகக் காட்டியது. 'கேட்டேன்' என்று தட்டினால் ஏகாரக் கொம்பை ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டது. எந்தச் செயலியானாலும் முதலில் 'கொ', 'கே', 'கை' என்று தட்டிப் பார்த்துவிடுங்கள். குமிழிகளை இன்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலிக்கு மாற்றிய பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குமிழியை வரைந்துவிட்டு அதற்குள் சொற்களைத் திணிக்காமல், வரிகளை அமைத்துவிட்டு அவற்றைச் சுற்றிக் குமிழியை வரைய வேண்டும். மேல்விலங்கும் கீழ்விலங்கும் நீளும் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாதபடி வரி இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும். வால் பேசுபவரின் வாயை நோக்கிச் சென்று, முகத்தைத் தொடாமல் பாதி வழியில் நின்றாலே போதும்.

குமிழிகளைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி அடுக்கில் வைத்திருந்தேன். அதனால்தான், பாட்டியின் பதில் நீளமாகத் தெரிகிறது என்று கடைசி நேரத்தில் தோன்றியபோது, 'அது' என்ற சொல்லை எடுத்துவிட்டு, படத்தைத் தொடாமலே குமிழியைச் சுருக்க முடிந்தது.