ஒரே ஒரு டயர் படத்தை வைத்துக்கொண்டு பட்ட பாடு

கடைசியில் மூன்று டயர் மாற்றினோம். நான்கும் மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்ன கடையில் அல்ல, வேறு கடையில். மாமாவின் வண்டி இப்போது மழையில் பயமில்லாமல் மலை ஏறுகிறது. ஆனால் அதற்குள் ஒரு நாள் முழுக்க வீணாகப் போனது, அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நான் செங்கோட்டையில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். டயர், பிரேக் என்று எது வந்தாலும் சொந்தக்காரர்கள் எனக்குத்தான் படம் அனுப்புவார்கள். 2025 ஜூனில், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம், செங்கோட்டைக்கு மேலே மலையில் ஆரியங்காவில் இருக்கும் மாமாவிடமிருந்து ஒரு படம் வந்தது. படம் மட்டும்தான். ஒரு வார்த்தை கூட இல்லை. அவர் புதிதாக வாங்கியிருந்த பழைய ஸ்விஃப்டின் டயர் அது. சேறு ஒட்டிய பக்கச்சுவரில் பெரிய எழுத்தில் இது தெரிந்தது:

```
165/80 R14 85T
```

இப்படி வரும் படத்துக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். இதே அளவில் டயர் வாங்க வேண்டும், அளவைப் படித்துச் சொல் என்று கேட்கலாம். இது எப்போது செய்த டயர் என்று கேட்கலாம். இல்லை, இதை இன்னும் ஓட்டலாமா, மாற்றணுமா என்று கேட்கலாம். மூன்றும் வேறு வேறு கேள்வி. அளவுக்கு மட்டும்தான் அந்தப் படத்தில் பதில் இருந்தது. டயரில் பெரிதாக எழுதியிருப்பது அளவுதான் என்பதால், என்ன கேள்வியோடு படம் எடுத்தாலும் அதுதான் நடுவில் வந்து நிற்கும். அதனால் அளவு தெரிகிறது என்பதற்காக ஆள் அளவைத்தான் கேட்கிறார் என்று முடிவுகட்ட முடியாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் மாமாவின் கட்டைவிரல் நகம் தெரிந்தது. எழுத்துக்குக் கீழே, ரிம்முக்கு மேலே, ரப்பரில் முடி மாதிரி ஓடிய வெடிப்பு ஒன்றின் மேல் நகத்தை வைத்து அழுத்தியிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்தது, அவர் அளவைக் கேட்கவில்லை. "மாமா, வெடிப்பைக் காட்டுறீங்களா? எந்த வருஷத்து டயருன்னு பாக்கணுமா, மாத்தணுமான்னு கேக்கீங்களா?" என்று எழுதினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. ஆரியங்காவில் மழை பிடித்தால் சிக்னல் அப்படித்தான்.

அதற்குள் அதே படத்தைத் தென்காசிப் பக்கம் ஒரு டயர் கடைக்கும் அவர் அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து உடனே பதில் போயிருக்கிறது: நான்கு டயருக்கு விலை, "ஸ்டாக் இருக்கு, வாங்க." சிக்னல் வந்ததும் முதலில் அதைப் பார்த்த மாமா வண்டியை எடுத்துக்கொண்டு புளியரை வழியாக இறங்கிவிட்டார். செங்கோட்டையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கடையில் போய் நின்றால், 165/80 R14 இல்லை. எடுத்து வைத்திருந்தது 175/65 R14 82T. "ரிம் அதே பதினாலுதான், உக்காந்துடும், டயரும் அகலம்" என்றார் கடைக்காரர். உட்காரும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் பாருங்கள். நடுவில் இருக்கும் எண், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்று சொல்கிறது. 165 மில்லிமீட்டரில் 80 சதவீதம் என்றால் 132 மில்லிமீட்டர். 175-ல் 65 சதவீதம் என்றால் சுமார் 114. ஆக வண்டி 18 மில்லிமீட்டர் தரையோடு இறங்கிவிடும். எஸ்டேட் சாலையில் அடிபடுகிற வண்டிக்கு அது வேண்டாத வேலை. சக்கரம் சிறிதாவதால் ஸ்பீடோமீட்டரும் ஓடுகிற வேகத்தைவிடக் கூட்டிக் காட்டும். கடைசியில் வரும் 85, 82 என்பவை எடை தாங்கும் குறியீடு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ, 82 என்றால் 475 கிலோ. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறுகிற வண்டிக்கு அந்த எண் குறையவே கூடாது. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை என்ற வேகக் குறியீடு, அது இரண்டிலும் ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் கடைக்காரர் பேச்சை வயதுக்குத் திருப்பினார். "எப்படியும் நாலும் மாத்தித்தான் ஆகணும், எல்லாம் பழைய டயர்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெளிப்பக்கம் தேதியே இல்லை, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பல டயர்களில் தேதி ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டியிருந்தால் வெளியே நின்று எத்தனை படம் எடுத்தாலும் கிடைக்காது.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து வைத்தால் முன் டயரின் உள்பக்கம் கொஞ்சம் வெளியே வரும். செல்போன் டார்ச்சைப் போட்டு, ஈரத் துணியால் சேற்றைத் துடைத்துக்கொண்டே போனேன். DOT என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்: 0919. இரண்டு முன் டயரிலும் அதேதான்.

கடைக்காரரும் எட்டிப் பார்த்து, "ஒன்பதாம் மாசம் 2019" என்றார். இது தவறு, நிறையப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள். முதல் இரண்டு எண் மாதம் இல்லை, வாரம். 09 என்றால் ஒன்பதாவது வாரம், அதாவது 2019 பிப்ரவரி கடைசி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பின் டயருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், அங்கே 3722 என்று இருந்தது. "அண்ணாச்சி, முப்பத்தேழாவது மாசம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டதும் பேசாமல் உள்ளே போய்விட்டார். 37-வது வாரம் என்றால் 2022 செப்டம்பர் நடு. பின் டயர் இரண்டுக்கும் மூன்று வயதுகூட ஆகவில்லை. அவற்றையும் சேர்த்துத்தான் "எல்லாம் பழசு" என்று விற்கப் பார்த்தார்கள். அங்கிருந்து கிளம்பிவிட்டோம். அன்று மாலை வேறு கடைக்குப் போக நேரமில்லை, மாமா மழையில் மெதுவாக மலை ஏறிப் போனார். அன்றைய டீசலும் நாளும் போனதுதான்.

போவதற்கு முன் ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தோம். அதில் 4816. 2016 டிசம்பர் தொடக்கம். வண்டி 2017 மாடல், ஆக அது கம்பெனியிலிருந்து வந்த ஸ்டெப்னி, ஒருநாளும் மாற்றவில்லை. தரையில் படுகிற பட்டன் எல்லாம் புதிது போல மின்னியது. விற்றவர் அதைக் காட்டித்தான் "ஸ்டெப்னி ஓடவே இல்லை" என்று பெருமை பேசினாராம். ஓடாத டயருக்கும் வயது ஆகும். ரப்பர் காற்றிலும் சூட்டிலும் தானாகவே இறுகும், எட்டரை வருடம் டிக்கிக்குள் கிடந்தாலும் அப்படித்தான்.

மறு வாரம் தெரிந்த கடை ஒன்றில் ஆழமானியை வைத்துப் பட்டனை அளந்தோம். முன் டயரில் நடுவில் 4 மில்லிமீட்டர், வெளி ஓரத்தில் இரண்டரை. பின் டயரில் ஐந்தரை. கார் டயருக்குச் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் கடைசி எல்லை. அதைப் பார்க்க ஆழமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் TWI என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

பட்டனை மட்டும் பார்த்தால் முன் டயர் இன்னும் ஓடும். மாமாவும் அதைத்தான் சொன்னார்: "மருமவனே, பட்டன் இருக்குல்ல?" நான் டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அமுக்கி விரித்துக் காட்டினேன். படத்தில் முடி மாதிரித் தெரிந்த வெடிப்பு, விரித்தால் நகம் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்தது. பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளத்திலும் அதே மாதிரி கோடுகள். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை டயரைச் சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆறு வயதான டயரை வயதுக்காக மட்டும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆறு வயதோடு நகம் நுழைகிற வெடிப்பும் சேர்ந்தால் நான் ஒரு நாளும் மலைப்பாதைக்கு அனுப்ப மாட்டேன். பக்கச்சுவர் போனால் பஞ்சர் ஒட்டவும் வழியில்லை.

ஆக, முன்னுக்கு இரண்டு, ஸ்டெப்னிக்கு ஒன்று. அதே 165/80 R14 85T கேட்டு, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு எண்ணைக் காட்டச் சொன்னேன். முதலில் உருட்டி வந்த டயர் ஒன்று 2023 வருடத்தது. நன்றாக வைத்திருந்த டயர் இரண்டு வருடத்தில் கெட்டுவிடாது, ஆனால் புது டயர் விலையில் இரண்டு வருட வயதை ஏன் வாங்க வேண்டும்? திருப்பி அனுப்பி, 2025 வருடத்து டயரே வாங்கினோம்.

மாட்டும்போது ஒரு வாக்குவாதம். பையன் புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டப் போனான், எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பின்னால் இருந்த 2022 டயர்களை முன்னுக்கு எடுத்து, புதியதைப் பின்னால் போடச் சொன்னேன். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி வளைவில் நேராக இழுக்கும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுழன்றுவிடும், புளியரை எஸ் வளைவில் அதைத் திருப்பிப் பிடிக்க நம்மைப் போன்றவர்களால் முடியாது. அதனால்தான் டயர் கம்பெனிகளே பட்டன் அதிகம் உள்ள ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன. முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்ததால் அலைன்மென்ட்டும் பார்த்தோம். அது விலகித்தான் இருந்தது. விட்டிருந்தால் முன்னுக்குப் போன நல்ல டயரையும் அதே மாதிரித் தின்றிருக்கும்.

இப்போது யார் டயர் படம் அனுப்பினாலும் மூன்று படம் கேட்கிறேன். அளவு தெரிகிற ஒன்று, நான்கு எண் தெரிகிற ஒன்று, அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பட்டன் பள்ளம் தெரிகிற ஒன்று. வெடிப்பு இருந்தால் விரலால் விரித்துப் பிடித்து இன்னொன்று. நான்கு எண் வெளியே இல்லை என்று சொன்னால், ஸ்டியரிங்கை ஒடித்து உள்பக்கம் பார்க்கச் சொல்கிறேன். மூன்று புது டயரின் நான்கு எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்கி மாமாவின் டேஷ்போர்டில் போட்டுவிட்டேன்.