எந்த வரிசையில் வந்து சேரும்?

“நிஜத்தில் இந்தப் புள்ளிகள் அட்டவணைக்குள் எந்த வரிசையில் வந்து சேரும், சார்?” என் இண்டெக்ஸ் தேர்வைப் பரிசீலித்தபோது அந்த இளம் பொறியாளர் கேட்டது இந்த ஒரு கேள்விதான். “சோதித்துப் பார்த்தாயிற்று, வேகமாகத்தான் இருக்கிறது” என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

தரவுத்தளத்தில் இடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஜிஸ்ட், பிரின் என்ற இரண்டு இண்டெக்ஸ் வகைகளை ஒப்பிட்டேன்; யோசிக்காமல் நான் பிரினைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டிகளின் இருப்பிடங்கள் ஓயாமல் வந்து விழும் அட்டவணை அது. ஜிஸ்ட் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். புதிய புள்ளி வரும்போதெல்லாம் இண்டெக்ஸ் மரத்துக்குள் இறங்கி இடம் தேடும். பிரின் 128 பக்கங்களுக்கு, அதாவது 1 எம்பி தரவுக்கு, அங்குள்ள புள்ளிகளை எல்லாம் அடக்கும் ஒரே ஒரு செவ்வகத்தை மட்டும் குறித்துவைக்கும். தேடும் இடத்தை அந்தச் செவ்வகம் தொடவில்லை என்றால் 128 பக்கங்களையும் திறக்காமலே தாண்டிவிடலாம்.

சோதனைத் தரவை நான் இடவாரியாக ஏற்றியிருந்தேன். அதனால் செவ்வகங்கள் சிறியவையாக இருந்தன. நிஜத்தில் புள்ளிகள் நேர வரிசையில் வந்தன. பக்கத்துக்குச் சுமார் 100 புள்ளி என்றால் ஒரு செவ்வகத்துக்குள் 12,000-க்கு மேல். எல்லா மூலைகளிலும் ஓடும் வண்டிகள் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு செவ்வகமும் முழுப் பரப்பையும் போர்த்திக்கொண்டது. அட்டவணை 4 கோடி புள்ளிகளை நெருங்கியபோது, 500 மீட்டருக்குள் தேடும் வினவல் பல விநாடிகள் இழுத்தது.

```
Rows Removed by Index Recheck: 39812204
Heap Blocks: lossy=398208
```

இண்டெக்ஸ் பயன்பட்டதாகவே வினவல் திட்டம் காட்டியது. ஆனால் அது ஒரு பக்கத்தைக்கூட விலக்கவில்லை. அத்தனை புள்ளிகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய அத்தனையையும் தள்ளியிருந்தது.

`CREATE INDEX CONCURRENTLY` கொண்டு ஜிஸ்ட் போட்டோம். வினவல் மில்லிவிநாடிகளுக்கு இறங்கியது. பிரின் சில நூறு கேபி இருந்த இடத்தில் சுமார் 2 ஜிபி இண்டெக்ஸ் வந்து உட்கார்ந்தது. புள்ளிகளைச் சேர்க்கும் வேகமும் குறைந்தது. நான் பயந்தது இதற்குத்தான், பயந்ததில் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். பிறகு, முடிந்துபோன மாதங்களைத் தனித்தனிப் பகிர்வுகளாக்கி, `ORDER BY geom` வரிசையில் மீண்டும் எழுதினோம். போஸ்ட்ஜிஐஎஸ் 3.0 முதல் அந்த வரிசை ஹில்பர்ட் வளைவைப் பின்பற்றுகிறது. இடத்தால் நெருங்கிய புள்ளிகள் பெரும்பாலும் பக்கங்களிலும் நெருங்கி அமரும். அந்தப் பழைய பகிர்வுகளில் பிரின் நன்றாகவே வேலை செய்கிறது. நடப்பு மாதத்துக்கு மட்டும் ஜிஸ்ட்.

அப்படியானால் என் தேர்வு தவறில்லை, வரிசைதான் தவறு என்று பல நாள் எனக்கு நானே வாதாடினேன். இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்று அந்த இளம் பொறியாளர்மீதுகூட ஒருமுறை குறைபட்டேன். ஆனால் பிரின் வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அவர் கேட்டது வரிசையைப் பற்றித்தான்.