பல் அட்டவணை, மூன்றாவது முயற்சி

பல் உடற்கூறியல் வகுப்புக் குறிப்புகளை விரிதாளில் ஏற்றும் வேலை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரமே ஒரு கூத்து. கீழ் நடு வெட்டுப்பல் முளைக்கும் வயதாக 6-7 என்று தட்டினேன். கட்டத்தில் ஒரு தேதி வந்து உட்கார்ந்துகொண்டது. மேல் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு 10-12 போட்டபோதும் அதே கதை. எரிச்சலில் அந்த நெடுவரிசையை இரண்டாகப் பிரித்து, குறைந்த வயது ஒன்றிலும் அதிக வயது மற்றொன்றிலும் வைத்தேன். அந்தப் பிழைதான் பிறகு கைகொடுத்தது.

அடுத்தது எண்கள். எஃப்.டி.ஐ. என்ற பல் எண்ணிடும் முறையில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அதனால்தான் 14ஐப் 'பதினான்கு' என்று படிக்காமல் 'ஒன்று நான்கு' என்கிறார்கள்: மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். ஆனால் அமெரிக்காவில் புழங்கும் யுனிவர்சல் முறையில் 14 என்பது மேல் இடது முதல் கடைவாய்ப்பல். என் தாளில் இரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்து கிடந்தன. கையால் திருத்துவதை விட்டுவிட்டு, கால்பகுதியை A-இலும் வரிசை எண்ணை B-இலும் வைத்து இதைப் போட்டேன்:

```
=CHOOSE(A2,9-B2,8+B2,25-B2,24+B2)
```

கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லான 36க்கு 19 வந்தது, சரி. இது நிலைப்பற்களுக்கு மட்டும்தான். பால் பற்களுக்கு யுனிவர்சல் முறையில் A முதல் T வரை எழுத்துகள்.

பால் பற்களில்தான் நான் வசமாக மாட்டினேன். ஒன்பது வயதுக் குழந்தையின் வாய் மாதிரியில் கீழ் இடப்புறம் ஐந்தாவதாக நின்ற பல்லை 35 என்று எழுதிவிட்டேன். பிறகு அட்டவணையை அதிக வயதின்படி வரிசைப்படுத்தி, ஒன்பதுக்கு மேற்பட்டதை மறைத்துப் பார்த்தேன். எட்டு வெட்டுப்பற்களும் நான்கு முதல் கடைவாய்ப்பற்களும்தான் மிஞ்சின. 35 முளைப்பது 11-12 வயதில். எஃப்.டி.ஐ. முறையில் பால் பற்களின் கால்பகுதிகளுக்கு 5 முதல் 8 வரை எண்கள்; அங்கே நின்றது 75, கீழ் இடது இரண்டாம் பால் கடைவாய்ப்பல்.

மாதிரியை மறுபடி கையில் எடுத்தேன். பக்கத்திலிருந்த 36இன் சின்னத் தம்பி போலவே இருக்கிறது அது. ஆனால் கன்னப்பக்கத்து மூன்று முகடுகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு; 36இல் கடைசி முகடு மட்டும் சிறியது. ஐந்தாவது இடம் என்று எண்ணியதோடு நின்றுவிட்டேன், முகட்டைப் பார்க்கவில்லை.

இப்போது பால் பல் எண்ணிலிருந்து 40ஐக் கழிக்கும் நெடுவரிசை ஒன்றும் சேர்த்திருக்கிறேன். 75 விழுந்தால் வருவது 35. பால் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் முன்கடைவாய்ப்பல் வருவது இப்படிப் பார்த்தால் குழப்பமில்லை. 36க்கு முன்னோடிப் பால் பல்லே கிடையாது, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

வயதின்படி அடுக்கியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: கீழ்க் கோரைப்பல் 9-10 வயதில் வந்துவிட, மேல் கோரைப்பல் 11-12 வரை காத்திருக்கிறது. அதற்குள் 10-11 வயதிலேயே மேல் முதல் முன்கடைவாய்ப்பல் வந்துவிடுகிறது. தாமதமாக வரும் கோரைப்பல்லுக்கு இடம் போதாமல் அது உதட்டுப்பக்கம் தள்ளி முளைப்பது இப்போது புரிகிறது. ஞானப்பற்களின் வரிசைகள் நான்கும் இன்னும் நிரப்பப்படவில்லை.