பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்ட கதை

என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் அவருடைய பிரிவையே மூடிவிட்டது. வீட்டு வருமானத்தில் முக்கால் பங்கு அவர் சம்பளம்தான். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது, இருவருக்கும் ஒரே பள்ளி. முதல் பருவக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இரண்டாம் பருவத்துக்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

கெடு தாண்டட்டும், அவர்களே கூப்பிடுவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெடுவுக்கு முன்னால் போனால் நாம் வழி கேட்டு வந்தவர்கள். பிறகு போனால் பாக்கிக்காரர்கள். அதே பிரின்ஸிபால், அதே நாற்காலி என்றாலும் பேச்சு வேறு மாதிரிதான் தொடங்கும்.

போவதற்கு முன் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கட்ட வேண்டிய தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் 80 படிப்புக் கட்டணம், 20 பஸ் கட்டணம். பஸ்ஸில் சலுகை கேட்டுப் பயனில்லை. அது டீசலுக்கும் டிரைவருக்கும் அப்படியே வெளியே போகிற பணம். கணவர் வீட்டில்தானே இருக்கிறார், அவரே கொண்டுபோய் விடட்டும் என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டோம். மீதி 80. கணவருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து உடனே 20 கட்டலாம். என் சம்பளத்தில் மாதம் 10 ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. ஆகவே 20 பங்கு தள்ளுபடி, மிச்சம் 40க்கு நான்கு தவணை. இதைத்தான் கடிதத்தில் கேட்டோம்.

கடிதம் ஒரு பக்கம்தான். வேலை போன தேதி, இப்போதைய வருமானம், எவ்வளவு எந்தத் தேதியில் கட்டுவோம் என்ற சிறிய அட்டவணை. தவணைத் தேதியை என் சம்பள நாளுக்கு ஐந்து நாள் தள்ளியே போட்டேன், சம்பளம் தாமதமானாலும் வாக்குத் தவறக் கூடாதே. பணிவிடுவிப்புக் கடிதத்தின் நகலையும் வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரத்தையும் இணைத்தோம். கட்டணம் பற்றிய பேச்சு எதுவானாலும் எங்களிடமே இருக்கட்டும், பிள்ளைகளிடம் வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வகுப்பில் வாசிக்கிற பழக்கம் அங்கே இருந்தது. ஒன்பதாவது படிக்கிற பெண் அதைத் தாங்கமாட்டாள்.

பிரின்ஸிபால் கடிதத்தை முழுசாகப் படித்தார். பிறகு பேனாவால் அட்டவணையைத் தொட்டு, “தவணை என் கையில இருக்கு, இப்பவே கையெழுத்துப் போடுறேன். தள்ளுபடி நிர்வாகக் குழுதான் முடிவு பண்ணணும். நான் பரிந்துரை எழுதி அனுப்பறேன்மா” என்றார். யோசித்தால் நியாயம்தான். தவணை என்றால் பள்ளிக்குப் பணம் தாமதமாகிறது, அவ்வளவுதான். தள்ளுபடி என்றால் வரவே குறைகிறது. இரண்டையும் ஒரே கோரிக்கையாகக் குழப்பியிருந்தால், குழு கூடும்வரை தவணையும் சேர்ந்தே தொங்கியிருக்கும்.

“குழு மறுத்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்றும் கேட்டார். “மாசம் இதேதான் கட்ட முடியும் சார், மாசங்கள் கூடும்” என்றேன். அந்தப் பதிலையும் கடிதத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டார்.

குழு 10 பங்கு மட்டும் குறைத்தது. கேட்டதில் பாதி. கட்ட வேண்டியது 70 ஆனது: முதலில் 20, பிறகு ஐந்து தவணை. வாய்மொழியாகச் சொன்னதோடு விடாமல் எழுத்தில் கேட்டு வாங்கினோம். அந்த ஆண்டுக்கு மட்டும் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் கெடு முடிந்த மறுநாள் போனில் அபராதத்தோடு சேர்த்துப் பாக்கி என்று செய்தி வந்தது. பிரின்ஸிபால் கையெழுத்துப் போட்டது கணினிக்குத் தெரியாதே! ஆணையின் நகலோடு கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பழைய கெடுவை அழித்துவிட்டுத் தவணைத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார். அபராதத்தைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது. அதற்கு மறுபடி ஒரு கையெழுத்து. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அடுத்துக் கட்டும் பணம் முதலில் அபராதத்துக்குப் போய், தவணையில் குறை விழுந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ரசீதிலும் எந்தத் தலைப்பில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று அங்கேயே பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

கடைசித் தவணை கட்டியதும் ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டோம். அடுத்த வகுப்புக்குப் பெயர் பதியப் போனால், குழு குறைத்த அந்த 10 பங்கு கணக்கில் பாக்கியாகவே நின்றது. இரண்டு காகிதங்களையும் எடுத்து வைத்த பிறகுதான் நீக்கினார்கள். கணவருக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்திருந்தது, பழைய சம்பளம் இல்லை. அதனால் புது ஆண்டுக்குத் தள்ளுபடி கேட்கவில்லை. தவணை மட்டும் கேட்டு, அன்றைக்கே புதுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.