சுழியம் என்று எழுதித் தருவது

பினாங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சேவை வரிக்கான SST-02 படிவத்தைச் சுங்கத்துறைக்கு அனுப்புவது என் வேலை. "வியாபாரமே நடக்கவில்லையே தம்பி, பிறகு எதற்குப் படிவம்?" என்ற கேள்வியைக் கேட்காத வாடிக்கையாளர் குறைவு.

படிவம் வராவிட்டால், அந்த நிறுவனத்துக்கு வருமானம் இல்லையா, மறந்துவிட்டார்களா, கடையை மூடிவிட்டார்களா, அல்லது மறைக்கிறார்களா என்று சுங்கத்துறையால் பிரித்தறிய முடியாது. நான்குக்கும் ஒரே அடையாளம்தான், வெற்றிடம். சுழியம் என்று நிரப்பி உறுதிமொழியோடு அனுப்பும் நில் ரிட்டர்ன், பொறுப்பாளர் ஒருவர் கணக்கைப் பார்த்துச் சொன்ன வாக்குமூலமாகிறது. பின்னாளில் தணிக்கை வந்தால் அவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தாமத அபராதம் என்பது கட்டாத வரியின் விழுக்காடுதான் என்பதால், சுழியத்துக்கு அபராதமும் சுழியமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் படிவம் அனுப்பாமல் இருப்பதே சட்டப்படி தனிக் குற்றம்.

கணக்கைப் பார்த்து என்று சொன்னேன் அல்லவா, அதை எனக்குக் கற்றுத் தந்தது 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கான ஒரு படிவம். பொறியியல் ஆலோசனை தரும் ஐயா ஒருவருக்கு அந்த இரு மாதங்களில் வேலை எதுவும் வரவில்லை. வங்கி அறிக்கையில் கட்டணப் பிடித்தம் தவிர வேறு பதிவு இல்லை. நான் எல்லாக் கட்டங்களிலும் சுழியம் இட்டுவிட்டேன்.

அனுப்புமுன் கோப்பைப் புரட்டியபோது 2024 மார்ச் நடுவில் எழுதிய விலைப்பட்டியலின் மஞ்சள் நகல் ஒன்று கண்ணில் பட்டது. கட்டணம் 20,000 ரிங்கிட், 8 விழுக்காட்டில் வரி 1,600 ரிங்கிட். வேலை கொடுத்த குத்தகையாளர் ஒரு காசும் தரவில்லை. சேவை வரி பணம் கைக்கு வரும்போதுதான் கட்ட வேண்டியதாகிறது. ஆனால் விலைப்பட்டியலின் தேதியிலிருந்து 12 மாதங்களாகியும் பணம் வராவிட்டால், அதற்கு மறுநாளே வரி கட்ட வேண்டியதாகிவிடும். அந்த மறுநாள் இந்த வரிக்காலத்துக்குள் விழுந்திருந்தது. ஆகவே எதுவுமே நடக்காத இரண்டு மாதங்களுக்கு, உண்மையான விடை சுழியம் அல்ல, 1,600.

"வராத பணத்துக்கு நான் வரி கட்டுவதா?" என்று ஐயா வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் மே 31க்குள் கட்டினார். தவறியிருந்தால் முதல் 30 நாட்களுக்கே 10 விழுக்காடு, அதாவது 160 ரிங்கிட், கூடியிருக்கும்.

வங்கி அறிக்கை வந்த பணத்தை மட்டுமே காட்டும். வராத பணத்தின் வயதைக் காட்டாது. இப்போது ஒவ்வொரு நில் ரிட்டர்னுக்கும் முன், வசூலாகாத விலைப்பட்டியல்களைத் தேதி வாரியாக அடுக்கி, 12 மாதங்களை எட்டியது எது என்று பார்க்கிறேன். ஜூலை இறுதியில் அடுத்த படிவத்தை அனுப்பியபோது அந்தப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. அந்த முறை சுழியம் என்றே எழுதினேன்.